சில்லு பெயர்ந்த பேசின், கீறிய டப், விரிசல் விட்ட டைல்: எதைச் சரிசெய்யலாம், எதை விட்டுவிடலாம்

கனமான பாட்டில் ஒன்று தவறி விழுந்து வாஷ் பேசினின் விளிம்பில் சில்லு பெயர்ந்தால், பலர் வெள்ளை சிமென்ட்டையோ கையில் கிடைத்த பசையையோ எடுத்து அப்பிவிடுகிறார்கள். சில வாரங்களில் அது பழுப்பேறி, ஓரம் தூக்கி, துடைக்கும்போது துணியோடு வந்துவிடும். பசை மட்டமானது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் குற்றம் பசையில் இல்லை. சோப்புப் படலமும் ஈரமும் இருந்த இடத்தில் பூசியதுதான் காரணம். சில சமயம் அது சில்லாகவே இருந்திருக்காது. உள்ளே விரிசல் ஓடியிருக்கும். அதனால் பசையைத் தேடுவதற்கு முன்னால் பழுது எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

## சில்லா, விரிசலா, வெறும் கோடா

பீங்கான் பேசின் என்பது சூளையில் சுட்ட களிமண் உடல். அதன்மேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. சில்லு பெயர்ந்தால் மேல்பூச்சும் அதனடியில் கொஞ்சம் உடலும் போய்விடுகின்றன, ஆனால் பேசின் முழுதாகவே இருக்கிறது. அங்கே நாம் வைக்கும் பொருள் எந்தப் பாரத்தையும் தாங்க வேண்டியதில்லை, பள்ளத்தை மூடினால் போதும். விரிசல் அப்படியல்ல. உடலே இரண்டாகப் பிளந்திருக்கிறது. சூடான தண்ணீர் விழும்போதும் ஆறும்போதும் இரண்டு பக்கமும் மிக நுண்ணிய அளவில் விலகிச் சேர்கின்றன. எவ்வளவு நல்ல பசையும் அந்த அசைவை வருடக்கணக்கில் தாங்காது.

இதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் போதும். முதலில் மரக்கரண்டியின் காம்பால் பேசினைப் பல இடங்களில் லேசாகத் தட்டுங்கள். முழுதாக இருக்கும் பீங்கான் கணீரென்று ஒலிக்கும், விரிசல் இருந்தால் ஒலி செத்துப்போய் வரும். மேடையோடு சிலிக்கான் வைத்து ஒட்டிய பேசின் இயல்பாகவே கொஞ்சம் மந்தமாக ஒலிக்கும் என்பதால், பழுதான இடத்தின் ஒலியை அதே பேசினின் இன்னொரு இடத்தோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்து, தண்ணீரில் கரையும் மையைச் சில்லின் மேலும் சுற்றிலும் தடவி, ஒரு நிமிடம் விட்டு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளத்திலிருந்து வெளியே ஓடும் மெல்லிய கோடு ஏதாவது மையைப் பிடித்துக்கொண்டு தெரிந்தால் அது விரிசல். பழைய பேசின்களில் சிலந்தி வலை மாதிரி பரவலாகக் கோடுகள் தெரியும். அது மேல்பூச்சு மட்டும் வெடித்தது. பார்க்க நன்றாக இருக்காது என்றாலும் உடல் பிளந்ததாக அர்த்தமில்லை.

கடைசியாக, பேசினை நிரப்பி, அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, காய்ந்த டிஷ்யூ தாளை ஒட்டினாற்போல் வைத்து அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். இணைப்புகளிலிருந்து வராத ஈரம் தாளில் தெரிந்தால், பழுதுபார்க்கும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பேசினுக்குள் சாம்பல் நிறத்தில் கோடுகள் தெரிந்தால் அவசரப்பட்டுக் கீறல் என்று முடிவு செய்ய வேண்டாம். பாத்திரம், மோதிரம், கடிகாரத்தின் உலோகப் பட்டை போன்றவை உரசும்போது உலோகம்தான் தேய்ந்து பூச்சின்மேல் ஒட்டிக்கொள்கிறது. நகத்தால் வருடினால் தடை எதுவும் தெரியாது. மென்மையான தேய்ப்பு கிரீமை ஈரத்துணியில் எடுத்துத் தேய்த்தாலே போய்விடும்.

## பேசின் சில்லு: ஒரு பழுதை முழுதாகச் செய்து பார்ப்போம்

முன்விளிம்பின் வளைவில் 12 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சில்லு போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேசின் வெள்ளை, விரிசல் இல்லை. பெயர்ந்த துண்டு முழுதாகக் கிடைத்தால் அதையே ஒட்டுவதுதான் சிறந்தது, நிறம் பற்றிய கவலையே இருக்காது. ஆனால் பெரும்பாலும் அது பொடியாகிவிடும், அதனால் நிரப்பும் முறையைப் பார்ப்போம்.

இரண்டு பகுதிகளைக் கலக்கும் தெளிவான எபாக்ஸி தேவை. 5 நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், மெதுவாக இறுகுவதை எடுங்கள். வேகமான வகைகள் பொதுவாகத் தண்ணீரைக் குறைவாகவே தாங்கும், கலந்து நிறம் பார்க்கவும் நேரம் தராது. கூடவே எபாக்ஸியில் கலக்கும் வெள்ளை நிறமி, ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்ச், ஸ்பிரிட், மாஸ்கிங் டேப், தெளிவான பேக்கிங் டேப், புது பிளேடு, 240, 600, 1000, 2000 எண் வாட்டர் பேப்பர், மெல்லிய கையுறை. சுவர்ப் பட்டியும் வெள்ளை சிமென்ட்டும் இதற்கு உதவாது. இரண்டுமே தண்ணீரை உறிஞ்சும்.

முதல் நாள் மாலை வேலை சுத்தம் செய்வது மட்டும்தான். பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் வினிகர் நனைத்த பஞ்சைக் கால்மணி நேரம் வைத்து எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பக்கத்தில் பழைய சிலிக்கான் ஒட்டியிருந்தால் பிளேடால் சுரண்டி எடுத்துவிட வேண்டும், அதன் படலத்தின்மேல் எபாக்ஸி பிடிக்கவே பிடிக்காது. பிறகு 240 எண் தாளைச் சின்னதாக மடித்துப் பள்ளத்தின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்குங்கள். விளிம்பில் பாதி ஒட்டிக்கொண்டு ஆடும் பூச்சுச் செதில்கள் இருந்தால் அவற்றையும் இப்போதே எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் பிற்பாடு அவை நிரப்பிய பொருளையும் சேர்த்துக்கொண்டு கழன்றுவிடும். கடைசியாக ஸ்பிரிட்டால் துடைத்து, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் பத்து நிமிடம் காட்டி, இரவு முழுவதும் காயவிடுங்கள். சுட்ட களிமண் கண்ணுக்குக் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும். இதற்கப்புறம் அந்த இடத்தை வெறும் விரலால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய்ப்பசையே போதும் ஒட்டுதலைக் கெடுக்க.

இரண்டாம் நாள் நிரப்புவோம். பள்ளத்தைச் சுற்றி 2 மில்லிமீட்டர் இடம் விட்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள்.

நம் பள்ளத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டால் ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வருகிறது. அவ்வளவு மட்டும் போதுமே என்று இரண்டு சொட்டு எடுத்துக் கலப்பதில்தான் பல பழுதுகள் வீணாகின்றன. ஒரு சொட்டு சற்றுப் பெரிதாக விழுந்தாலும் விகிதம் கெட்டுவிடும், விகிதம் கெட்ட எபாக்ஸி என்றைக்கும் முழுதாக இறுகாது. அதனால் பாட்டிலில் எழுதியிருக்கும் விகிதப்படி சிரிஞ்சால் அளந்து, மொத்தம் 5 மில்லிலிட்டராவது கலக்குங்கள். ஒன்றுக்கு ஒன்று என்றால் இரண்டரை, இரண்டரை. மீதி வீணாகத்தான் போகும், பரவாயில்லை. பாத்திரத்தின் பக்கங்களையும் அடியையும் வழித்து வழித்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழிகள் நிறையச் சேரும்.

அப்புறம் நிறம். வெள்ளை என்று நாம் சொல்லும் பேசின் எதுவும் சுத்த வெள்ளை கிடையாது; சிலவற்றில் மஞ்சள் சாயல், சிலவற்றில் சாம்பல் சாயல் இருக்கும். வெள்ளை நிறமியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பிறகு மஞ்சளோ கறுப்போ பல்குத்தும் குச்சியின் முனையில் ஒட்டும் அளவுக்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள். கலவையைத் தெளிவான பிளாஸ்டிக் தாளில் தொட்டு பேசின்மேல் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, குளியலறை விளக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிறமி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சுவருக்கு அடிக்கும் தண்ணீர்ப் பெயின்ட்டை நிறத்துக்காகக் கலக்கவே கூடாது, அதிலுள்ள தண்ணீர் இறுகுவதைக் கெடுத்துவிடும்.

முதல் தடவையில் பள்ளத்தின் முக்கால் ஆழம் வரை மட்டும் நிரப்புங்கள். குச்சியால் எபாக்ஸியை முதலில் பள்ளத்தின் சுவர்களில் அழுத்தித் தேய்த்துவிட்டு, அப்புறம் நடுவை நிரப்ப வேண்டும். குமிழி தெரிந்தால் ஊசியால் குத்திவிடலாம். சில மணி நேரம் கழித்து, தொட்டால் லேசாக ஒட்டும் ஆனால் விரலோடு வராத பதம் வந்ததும், புதிதாகக் கலந்து இரண்டாவது பூச்சைச் சற்றே மேடாக வையுங்கள். ஒட்டும் பதத்தில் வைத்தால் இரண்டு பூச்சும் ஒன்றாகிவிடும். அடுத்த நாள் வரை தள்ளிப்போட்டால் முதல் பூச்சைத் தாளால் தேய்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். புதுக் கலவையில் அதே நிறம் வருவதற்கு, முதல் தடவை வெள்ளையும் மற்ற நிறமும் எவ்வளவு சேர்த்தீர்கள் என்று குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

வளைந்த விளிம்பில் எபாக்ஸி வழியும். அதற்குத் தெளிவான பேக்கிங் டேப்தான் நல்ல வழி. இரண்டாவது பூச்சு வைத்தவுடன், டேப்பை விளிம்பின் வளைவை ஒட்டி இழுத்து மூடிவிடுங்கள். பேசினின் வளைவே எபாக்ஸிக்கும் வந்துவிடும், எபாக்ஸி அந்த டேப்பில் பிடிக்காது, உரித்தால் பளபளவென்று இருக்கும். மிச்சக் கலவையை எறிந்துவிடாமல் ஓர் அட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். பழுதான இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதற்குப் பதில் அதில் நகத்தை அழுத்திப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள், 24 மணி நேரமாவது ஆன பிறகு, அட்டையில் இருப்பதில் நகம் பதியவில்லை என்றால் டேப்பை உரிக்கலாம். மேடாக இருக்கும் பகுதியை பிளேடைப் படுக்கைவாட்டில் பிடித்து மெல்லச் சீவுங்கள். பிறகு 600, 1000, 2000 என்ற வரிசையில் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, சின்ன ரப்பர் துண்டில் சுற்றித் தேய்க்க வேண்டும். பிளேடு பூச்சைக் கீறாது; ஆனால் வாட்டர் பேப்பரின் மணிகள் பீங்கான் பூச்சைவிடக் கடினமானவை. சுற்றியுள்ள பளபளப்பு ஒருமுறை மங்கினால் மீட்பது கஷ்டம். அதனால் மாஸ்கிங் டேப்பை இந்தக் கட்டத்தில் சில்லின் ஓரத்துக்கே நெருக்கி ஒட்டிவிட்டு, தேய்ப்பதை நிரப்பிய பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசியில் காருக்குப் போடும் பாலிஷ் களிம்பால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். விரல் நுனியால் வருடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத படியையும் விரல் சொல்லிவிடும்.

இந்த வேலை முடிந்த பிறகு மூன்று நாள் தண்ணீர் படாமலும், ஒரு வாரம் சூடான தண்ணீர் படாமலும் பார்த்துக்கொண்டால் எபாக்ஸி முழு உறுதிக்கு வரும். அதற்கப்புறமும் அந்த இடத்தில் தேய்ப்புப் பொடி, தின்னர், கொதிக்கும் தண்ணீர் மூன்றும் வேண்டாம்.

ஒரு நாள் கழித்தும் பிசுபிசுப்பாக இருந்தால் விகிதம் தவறியிருக்கிறது அல்லது சரியாகக் கலக்கவில்லை. மேலே இன்னும் கொஞ்சம் இறுக்கியைத் தடவினால் சரியாகாது. முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். சில மாதங்களில் ஓரத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் வந்தால், அங்கே ஒட்டுதல் விட்டு அழுக்கு புகுந்திருக்கிறது. சுத்தம் செய்வதில் குறை என்று அர்த்தம். மெல்ல மஞ்சளாவது எபாக்ஸியின் இயல்பு, வெயில் படும் ஜன்னல் பக்கத்தில் சீக்கிரமே நடக்கும்.

## எப்போது பேசினை மாற்றிவிட வேண்டும்

உடல் பிளந்த விரிசல் என்றால் யோசிக்கவே வேண்டாம். குறிப்பாகச் சுவரில் தொங்கும் பேசினில் விரிசல் இருந்தால், கையை ஊன்றும் நேரத்தில் உடைந்து விழலாம். உடைந்த பீங்கானின் ஓரம் கத்தியைப் போல ஆழமாக வெட்டும். டாய்லெட்டில் விரிசல் இருந்தாலும் இதே விதிதான், அங்கே முழு உடல் எடையும் அதன்மேல் இருக்கிறது. மாற்றும்வரைகூட அவற்றைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

கழிவுத் துளையின் வாயில் வாஷர் உட்காரும் இடத்தில் சில்லு போயிருந்தாலும் நான் பழுதுபார்க்கச் சொல்லமாட்டேன். அங்கே நட்டை இறுக்கும் அழுத்தமும் எந்நேரமும் தண்ணீரும் இருக்கும், நிரப்பியது நிற்காது. கிண்ணத்தின் உள்ளே தண்ணீர் விழும் இடத்தில் இருந்தால் செய்து பார்க்கலாம். ஆனால் விளிம்பில் நிற்பதைப்போல நீண்ட காலம் நிற்காது. சாதாரண அளவில் எளிதாகக் கிடைக்கும் பேசினுக்கு அந்த உழைப்பு வீண் என்பது என் கருத்து. கல் மேடைக்கு அடியில் பொருத்திய பேசின், இப்போது கிடைக்காத நிறம், பழைய வடிவம் என்றால் கதை வேறு. அங்கே மாற்றப்போனால் மேடையே உடையலாம், ஆகவே இரண்டு மூன்று முறை பழுதுபார்ப்பதும் தகும்.

## டப்பில் கீறல்

இங்கே டப் எந்தப் பொருளால் ஆனது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. காந்தம் ஒட்டினால் எனாமல் பூசிய இரும்பு அல்லது எஃகு. ஒட்டாமல், தொட்டால் சில்லென்று இல்லாமல், தட்டினால் பிளாஸ்டிக் ஒலி வந்தால் அக்ரிலிக் அல்லது ஃபைபர்கிளாஸ். ஃபைபர்கிளாஸில் டப்பின் அடியிலோ ஓரத்திலோ இழைகள் தெரியும்; மேலே இருக்கும் நிறப்பூச்சு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அதனால் அதில் மிக லேசாகத்தான் தேய்க்கலாம்.

அக்ரிலிக்கில் நிறம் தகட்டின் முழுக் கனத்துக்கும் இருப்பதால் கீறலைத் தேய்த்தே எடுத்துவிடலாம். நகம் மாட்டாத கீறல் என்றால் 1200 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கலாம், நகம் மாட்டினால் 600 எண்ணில். ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரால் நனைத்து, கீறலின்மேல் மட்டும் இல்லாமல் உள்ளங்கை அகலத்துக்குப் பரவலாகத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே சிறு பள்ளம் விழுந்து வெளிச்சத்தில் தெரியும். ஒரு தாளைக் குறுக்கேயும் அடுத்த தாளை நெடுக்கேயும் தேய்த்தால், முந்தைய தாளின் கோடுகள் முழுதாகப் போய்விட்டனவா என்று தெரிந்துவிடும். போகாமல் அடுத்த எண்ணுக்குத் தாவக் கூடாது. 2000 முடிந்ததும் பாலிஷ் களிம்பு. வேகமான மெஷின் வைத்தால் சூட்டில் அக்ரிலிக் இளகிக் குழையும். அசிட்டோனோ தின்னரோ படவே கூடாது, அவை அக்ரிலிக்கையே கரைக்கும். வழுக்காமல் இருக்க அடியில் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு இருந்தால் அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டுவிடுங்கள். கீறலோடு இருப்பது வழுக்குவதைவிட மேல்.

எனாமலை இப்படித் தேய்க்க முடியாது, அது கண்ணாடி. அதில் பெரும்பாலான கோடுகள் மேலே சொன்ன உலோகத் தடங்கள்தான். எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்தால் துரு முழுவதும் போய் உலோகம் மின்னும்வரை சுரண்டி, காயவைத்து, அதே நாளில் துருத் தடுப்புப் பூச்சும் பிறகு எபாக்ஸியும் வைக்க வேண்டும். ஆனால் சில்லின் ஓரத்தில் எனாமல் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தால், துரு பூச்சுக்கு அடியில் பரவிக்கொண்டிருக்கிறது. கழிவுத் துளையைச் சுற்றி அப்படி இருந்தால் டப்பின் ஆயுள் முடிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அக்ரிலிக் டப்பின் அடியில் விரிசல் விட்டிருந்தால் ஏறி நின்று பாருங்கள். டப் காலுக்குக் கீழே அமுங்கினால், அடியில் தாங்கல் இல்லாததுதான் நோய். அதைக் கொடுக்காமல் மேலே எதை அடைத்தாலும் விரிசல் திரும்பி வரும்.

டப் முழுவதையும் புதுப் பூச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பழைய பூச்சை உரிக்கப் பயன்படும் மெத்திலீன் குளோரைடின் ஆவி காற்றைவிடக் கனமானது; டப்புக்குள்ளேயே தேங்கி நிற்கும். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை டப் புதுப்பிக்கும் வேலையில் இதனால் 13 பேர் இறந்தது பதிவாகியிருக்கிறது. இந்த உரிப்பானை வீட்டில் நீங்களே பயன்படுத்த வேண்டாம்.

## சுவர் டைல் விரிசல்

ஒரே டைலில் மட்டும் விரிசல் என்றால் அடி பட்டிருக்கும், அல்லது பின்னால் கலவை இல்லாமல் வெற்றிடம் இருக்கும். தட்டினால் பொள்ளென்று கேட்கும். டைல்களுக்கு இடையே அடைத்திருக்கும் கிரவுட்டையும் தாண்டி விரிசல் இரண்டு மூன்று டைல்களில் ஒரே கோடாக ஓடினால் பிளந்திருப்பது சுவர். அப்போது டைலை மாற்றுவது பயனில்லை, சுவரை முதலில் பார்க்க வேண்டும்.

தண்ணீர் படாத இடத்தில் மயிரிழை விரிசலை நிறம் கலந்த எபாக்ஸியால் மறைத்துவிடலாம். ஷவர் விழும் இடத்தில் அப்படி விட வேண்டாம். சுவர் டைலின் உடல் துளைகள் நிறைந்தது, பேசினைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். குளித்த பிறகு விரிசல் ஓரம் நிழல் மாதிரி கறுத்துத் தெரிந்து, மெல்ல வெளுத்தால் தண்ணீர் உள்ளே போகிறது. அந்த டைலை எடுத்துத்தான் ஆக வேண்டும். அதே டைல் மீதம் இல்லையென்றால், அலமாரிக்குப் பின்னாலோ கண்ணாடிக்குப் பின்னாலோ இருப்பதில் ஒன்றைக் கழற்றப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் முழுதாக வருவது அரிது, அதை நம்பி இறங்காதீர்கள்.

டைலை எடுக்கும் முன் அதற்கு நேர் மேலேயும் கீழேயும் குழாயோ சுவிட்ச்சோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பின்னால் குழாயோ வயரோ ஓடும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆழமாக உளியை விடாமல் வேலை செய்ய வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். நான்கு பக்கமும் கிரவுட்டை முழு ஆழத்துக்குச் சுரண்டி எடுத்த பிறகுதான் டைலைத் தொட வேண்டும். கிரவுட் மிச்சமிருந்தால் தட்டும் அதிர்வு பக்கத்து டைலுக்குப் போய் அதுவும் விரியும். நடுவில் சில துளைகள் போட்டு, உளியை அங்கே வைத்து வெளிப்பக்கமாகத் தட்டித் தட்டி எடுங்கள். ஓரத்திலிருந்து நெம்பினால் பக்கத்து டைலின் விளிம்பு போய்விடும்.

பின்னாலிருக்கும் பழைய கலவையைச் சீராகச் சுரண்டி, புது டைலைப் பசை இல்லாமல் வைத்துப் பாருங்கள். புதுப் பசைக்கு 3 மில்லிமீட்டர் இடம் வேண்டும். டைல் வெளியே துருத்தினால் இன்னும் சுரண்ட வேண்டும். சுவர் ஈரமாக இருந்தால் முழுதாகக் காயும்வரை, சில நாளானாலும், மூடாமல் விட்டுவிடுங்கள். டைலின் முதுகு முழுவதும் பசை பரப்பி, பக்கத்து டைல்களின் மட்டத்துக்கு அழுத்தி, ஸ்பேசர் வைத்து, வழுக்காமல் டேப் ஒட்டி 24 மணி நேரம் விட வேண்டும். பிறகு கிரவுட்டை மூலைவாட்டில் இழுத்து அடைத்து, ஓரளவு இறுகியதும் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைக்கலாம். அந்த டைல் தரையையோ டப்பையோ தொடும் மூலையில் இருந்தால் அந்தக் கோட்டில் மட்டும் கிரவுட் போடாமல் சிலிக்கான் வையுங்கள். அங்கே அசைவு இருக்கும், கிரவுட் சீக்கிரம் பிளந்து தண்ணீர் மறுபடி உள்ளே போகும்.